விற்பனை 12 லட்சம் கூடியும் லாபம் ஏன் குறைந்தது?

சாத்தூர்ப் பக்கம் ஒரு காரக்கடை என்று வைத்துக்கொள்வோம். பின்கட்டில் அடுப்படி, முன்பக்கம் விற்பனை. காராசேவு, மிக்சர், முறுக்கு, கொஞ்சம் இனிப்பு. 2023-24இல் கடையின் விற்பனை 60 லட்சம் ரூபாய். மறு ஆண்டு பேருந்து நிலையத்தில் இன்னொரு சிறு கடை திறந்தார்கள், விற்பனை 72 லட்சமாக உயர்ந்தது. ஐந்தில் ஒரு பங்கு வளர்ச்சி என்பது எந்தக் கடைக்கும் பெருமைதான். ஆனால் ஆடிட்டர் கொடுத்த தாளின் கடைசி வரி வேறு கதை சொன்னது. முதல் ஆண்டு 6 லட்சமாக இருந்த லாபம் மறு ஆண்டு 3,60,000 ரூபாய்க்கு இறங்கியிருந்தது.

கடைக்காரருக்கு இதை நம்புவது கடினம். கல்லாவில் முன்பைவிட அதிகப் பணம் புழங்குவதை அவர் தினமும் கண்ணால் பார்க்கிறார். அப்படியானால் 2,40,000 ரூபாய் எங்கே கழன்றது? பதில் அந்தத் தாளிலேயே இருக்கிறது. கடைசி வரியை மட்டும் பார்ப்பவருக்கு அது தெரியாது. நடுவில் உள்ள ஒரு வரியையும் பார்க்கத் தெரிந்தால் போதும்.

இந்தக் கடையும் அதன் தொகைகளும் விளக்கத்துக்காக அமைத்தவை. ஆனால் இதே வடிவில்தான் சிறு கடைகளின் லாப நட்டக் கணக்கு இருக்கும். முதல் ஆண்டுக் கணக்கு இது:

விற்பனை: 60,00,000
ஆண்டுத் தொடக்கத்தில் இருந்த சரக்கு: 2,00,000
கொள்முதல் (கடலை மாவு, எண்ணெய், சர்க்கரை, முந்திரி, பாக்கெட் கவர்): 34,00,000
சரக்கு வந்த லாரி வாடகை: 60,000
மாஸ்டர், அடுப்படி ஆட்கள் சம்பளம்: 7,20,000
கேஸ், விறகு: 3,20,000
கழிக்க, ஆண்டு முடிவில் மிஞ்சிய சரக்கு: 2,00,000
விற்ற சரக்கின் அடக்கம்: 45,00,000
மொத்த லாபம்: 15,00,000
கடை வாடகை: 3,00,000
விற்பனை ஆட்கள் சம்பளம்: 3,36,000
மின்சாரம், போன்: 84,000
கடன் வட்டி: 60,000
தேய்மானம்: 70,000
பழுது, ஆடிட்டர் கட்டணம், மற்றவை: 50,000
நிகர லாபம் (வருமான வரிக்கு முன்): 6,00,000

இந்தத் தாளுக்கு நடுவே ஒரு கோடு போட்டுக்கொள்ளலாம். பள்ளியில் வணிகவியல் படித்தவர்களுக்கு நினைவிருக்கும்: கோட்டுக்கு மேலே இருப்பது வியாபாரக் கணக்கு, கீழே இருப்பது லாப நட்டக் கணக்கு. மேல் பாதி ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தேடுகிறது. விற்ற சரக்கை உண்டாக்க எவ்வளவு ஆனது? அதை விற்பனையிலிருந்து கழித்தால் மொத்த லாபம். 60 லட்சத்தில் 15 லட்சம், அதாவது 25 சதவீதம். கிராஸ் மார்ஜின் என்று வியாபாரிகள் சொல்வது இந்தச் சதவீதத்தைத்தான். நூறு ரூபாய்க்குச் சேவு விற்றால், மாவும் எண்ணெயும் மாஸ்டர் கூலியும் கேஸும் போக 25 ரூபாய் கடைக்கு வருகிறது.

அந்த 25 ரூபாய் இன்னும் யாருடைய பையிலும் போய்ச் சேரவில்லை. கடை வாடகை, கல்லாவில் நிற்பவரின் சம்பளம், மின்சாரம், வட்டி எல்லாமே இதிலிருந்துதான் போகவேண்டும். இவற்றுக்கு நூற்றுக்கு 15 ரூபாய் போய்விட்டது. எஞ்சியது 10 ரூபாய். நெட் மார்ஜின் 10 சதவீதம்.

மேலே கொஞ்சம் நிறுத்திப் பார்க்கவேண்டிய இடங்கள் இரண்டு உண்டு. முதலாவது விற்பனை என்ற வரி. பில்லில் தனியாகக் காட்டி வாடிக்கையாளரிடம் வாங்கிய ஜிஎஸ்டி இந்த 60 லட்சத்தில் சேராது. அது அரசுக்குக் கட்டவேண்டிய பணம், கடையில் தங்கிப் போவது மட்டுமே. கல்லாவில் விழுந்ததை அப்படியே விற்பனை என்று எழுதினால் இரண்டு சதவீதங்களும் பொய்யாகிவிடும்.

இரண்டாவது, சம்பளம். மாஸ்டரின் சம்பளம் கோட்டுக்கு மேலே, கல்லாவில் நிற்பவரின் சம்பளம் கோட்டுக்குக் கீழே. இருவரும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்பவர்கள்தான். ஆனால் மாஸ்டரின் உழைப்பு சேவுக்குள் போகிறது. விற்பவரின் உழைப்பு, சேவு ஆனபிறகு தொடங்குகிறது. எல்லாக் கடைகளும் இந்தக் கோட்டை ஒரே இடத்தில் போடுவதில்லை. சிலர் மாஸ்டர் சம்பளத்தையும் கீழே தள்ளிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் இதே கடையின் மொத்த லாபம் 15 லட்சம் 22,20,000 ஆகிவிடும், விகிதம் 25இலிருந்து 37 ஆகும். கடைசி வரியில் மட்டும் அதே 6 லட்சம் அசையாமல் நிற்கும். அதனால் பக்கத்துக் கடைக்காரர் ‘எனக்கு 37 சதவீதம் நிற்கிறது’ என்றால், பொறாமைப்படும் முன் அவர் கோட்டை எங்கே போட்டிருக்கிறார் என்று கேட்பது நல்லது. தன் கடையின் கோட்டை ஆண்டுக்காண்டு நகர்த்தாமல் வைத்திருப்பது அதைவிட முக்கியம்.

இனி இரண்டாம் ஆண்டு. விற்பனை 72,00,000. தொடக்கச் சரக்கு 2,00,000, கொள்முதல் 43,50,000, லாரி வாடகை 74,000, அடுப்படிச் சம்பளம் 7,80,000, கேஸும் விறகும் 3,60,000. மிஞ்சிய சரக்கு 2,20,000. இவற்றைக் கூட்டிக் கழித்தால் அடக்கம் 55,44,000. மொத்த லாபம் 16,56,000.

தொகையாகப் பார்த்தால் மொத்த லாபம் ஒன்றரை லட்சம் கூடியிருக்கிறது. ஆனால் விகிதம் 25இலிருந்து 23க்கு இறங்கிவிட்டது. கோட்டுக்குக் கீழே செலவு 9 லட்சத்திலிருந்து 12,96,000 ஆகியிருக்கிறது, அதாவது விற்பனையில் 15 சதவீதமாக இருந்தது 18 ஆகிவிட்டது. மேலே 2, கீழே 3, ஆக 5 சதவீதம் போயிற்று. நெட் மார்ஜின் 10இலிருந்து 5.

பழைய விகிதமே நீடித்திருந்தால் 72 லட்சத்துக்கு 7,20,000 ரூபாய் மிஞ்சியிருக்கும். மிஞ்சியதோ அதில் பாதி. காணாமல் போன 3,60,000 ரூபாயில் 1,44,000 அடுப்படியில் போனது, 2,16,000 முன்கடையில் போனது. மூன்றே கணக்கில் திருட்டு நடந்த அறை தெரிந்துவிடுகிறது. ஒரே அறை அல்ல, இரண்டு அறைகள். இரண்டுக்கும் மருந்தும் வேறு வேறு.

முதலில் அடுப்படி. கொள்முதல் வரியில் கண் நிற்கவேண்டும். முதல் ஆண்டு, செலவான மூலப்பொருள் 34 லட்சம், விற்பனையில் சுமார் 56.7 சதவீதம். இரண்டாம் ஆண்டு, மிஞ்சிய சரக்கில் கூடிய 20,000த்தைக் கழித்தால் 43,30,000, சுமார் 60.1 சதவீதம். மூன்றரை சதவீத உயர்வு. இந்த இடத்தில் வெளியுலகச் செய்தி ஒன்று கணக்குப் புத்தகத்துக்குள் நுழைகிறது. 2024 செப்டம்பர் 14 முதல் இந்திய அரசு சமையல் எண்ணெய் இறக்குமதி வரியை உயர்த்தியது. கச்சா பாமாயிலுக்கு, கூடுதல் தீர்வைகள் சேர்த்து 5.5 சதவீதமாக இருந்த வரி 27.5 ஆனது. சுத்திகரித்த எண்ணெய்க்கு 13.75இலிருந்து 35.75. எண்ணெய்ச் சட்டியை நம்பிப் பிழைக்கும் கடைகள் அந்தத் தீபாவளிச் சரக்கை ஏறிய விலை எண்ணெயில்தான் பொரித்தன. நம் கடை விற்பனை விலையை ஏற்றவில்லை. தீபாவளி நேரத்தில் விலையை ஏற்றினால் வாடிக்கை போய்விடும் என்ற அச்சம்.

மூலப்பொருள் மூன்றரை சதவீதம் தின்றது, ஆனால் கிராஸ் மார்ஜின் இரண்டுதானே இறங்கியது? மீதியைத் தாங்கியவர் மாஸ்டர். அவருக்கும் உதவி ஆட்களுக்கும் சம்பளம் 60,000 ரூபாய்தான் கூடியது. கூடுதலாக 12 லட்ச ரூபாய்ச் சரக்கை ஏறக்குறைய அதே ஆட்கள் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். விற்பனையில் 12 சதவீதமாக இருந்த அவர்கள் சம்பளம் 10.8 ஆகக் குறைந்தது, கேஸிலும் கொஞ்சம் மிச்சம். இந்தத் தாங்கல் இல்லாவிட்டால் அடி இன்னும் பலமாக விழுந்திருக்கும். விற்பனை பெருகாத ஓர் ஆண்டில் எண்ணெய் இப்படி ஏறினால் தாங்க ஆள் இருக்காது என்பதையும் இதே வரி சொல்கிறது.

விலைவாசி மட்டும் மொத்த லாபத்தைக் குறைப்பதில்லை. கருகிக் கொட்டிய சட்டி, நமுத்துப்போய்த் திரும்பி வந்த பாக்கெட், எடையில் தாராளமாகப் போன கை, பின்வாசல் வழியாகப் போன எண்ணெய் டின், இவற்றுக்கெல்லாம் லாப நட்டக் கணக்கில் தனி வரி கிடையாது. வாங்கியது கொள்முதலில் ஏறிவிட்டது, விற்பனையில் வரவில்லை, மிஞ்சிய சரக்கிலும் இல்லை. ஆகவே சத்தமில்லாமல் அடக்கத்தில் சேர்ந்து கிராஸ் மார்ஜினைக் கீழே இழுக்கிறது. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி, கிலோக் கணக்கு. ஒரு கிலோ சேவுக்கு இன்றைய விலையில் மாவு இவ்வளவு, எண்ணெய் இவ்வளவு, கூலி, கேஸ், கவர் இவ்வளவு என்று எழுதிப் பார்த்து, விற்பனை விலையோடு ஒப்பிட்டால் 26 சதவீதம் நிற்கவேண்டும் என்று வருகிறது. புத்தகத்தில் 23தான் வருகிறது. அந்த மூன்று சதவீதம் விலைவாசியால் போனதல்ல, அடுப்புக்கும் கல்லாவுக்கும் இடையில் சிந்தியது.

கிலோக் கணக்குப் போடும்போது பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அடக்கம் 100 ரூபாய், அதன்மேல் 25 வைத்து 125க்கு விற்கிறார்கள், ‘எனக்கு 25 சதவீதம்’ என்கிறார்கள். மார்ஜின் அடக்கத்தின்மேல் போடும் கணக்கல்ல, விற்பனை விலையின்மேல் போடுவது. 125இல் 25 என்றால் 20 சதவீதம்தான். உண்மையில் 25 சதவீதம் வேண்டுமானால் 100 ரூபாய் அடக்கத்தை 133 ரூபாய்க்கு மேல் விற்கவேண்டும். கடைசியில் மிஞ்சுவதே 5 சதவீதமாக இருக்கும் கடையில் இந்த ஒரு பிழை லாபம் முழுவதையும் விழுங்கிவிடும்.

மிஞ்சிய சரக்கு என்ற வரியும் கொஞ்சம் ஆபத்தானது. மற்ற வரிகளுக்கெல்லாம் பில் இருக்கும். இது மட்டும் மார்ச் 31 அன்று யாரோ எண்ணிச் சொன்ன தொகை. நம் கடையில் 2,20,000 என்பதற்குப் பதில் 3,20,000 என்று எழுதினால் அடக்கம் ஒரு லட்சம் குறையும், மொத்த லாபம் ஒரு லட்சம் கூடும், கிராஸ் மார்ஜின் 24.4 ஆகத் தெரியும், நிகர லாபம் 4,60,000 ஆகிவிடும். ஒரு ரூபாய்கூடக் கல்லாவுக்கு வராமலே! வேண்டுமென்றே செய்வதாக இருக்கவேண்டியதில்லை, காலாவதியான முந்திரியையும் விலைபோகாத பழைய பாக்கெட்டுகளையும் வாங்கிய விலைக்கே எண்ணினாலும் இதுதான் நடக்கும். ஆனால் இந்த மிகை நிலைக்காது. இந்த ஆண்டின் முடிவுச் சரக்கு அடுத்த ஆண்டின் தொடக்கச் சரக்கு. அங்கே அதே ஒரு லட்சம் செலவாக ஏறி உட்கார்ந்து, அந்த ஆண்டு லாபத்தைத் தின்னும். விலையும் மாறாமல், மூலப்பொருளும் மலிவாகாமல், ஓர் ஆண்டு கிராஸ் மார்ஜின் துள்ளி மறு ஆண்டு விழுந்தால், முதலில் சரக்கு எண்ணிய தாளைக் கேட்கவேண்டும். வங்கியில் கடன் பார்க்கும் அதிகாரிகள் கேட்பதும் அதைத்தான்.

இப்போது முன்கடைக்கு வரலாம். பேருந்து நிலையக் கடைக்கு மாத வாடகை 15,000, அங்கே நிற்கும் ஆளுக்குச் சம்பளம் 15,000, மின்சாரம் ஆண்டுக்கு 24,000. ஆக ஆண்டுக்கு 3,84,000 ரூபாய். கூடிய 12 லட்சம் விற்பனையும் அந்தக் கடையால் வந்தது என்றே வைத்துக்கொண்டாலும், 23 சதவீத மார்ஜினில் அது கொண்டுவந்தது 2,76,000. எண்ணெய் விலை ஏறாமல் 25 சதவீதமே இருந்திருந்தாலும் 3 லட்சம்தான். எப்படிப் பார்த்தாலும் புதுக் கடை தன் செலவைத் தானே ஈட்டவில்லை. வாசலில் கூட்டம் நின்றது உண்மை, விற்பனை ஏறியது உண்மை, ஆனால் அந்தக் கூட்டத்துக்குப் பெரிய கடைதான் பணம் கொடுத்திருக்கிறது.

கிராஸ் மார்ஜின் தெரிந்தவருக்கு இங்கே ஒரு கேள்விக்கு முன்கூட்டியே விடை கிடைத்திருக்கும். 3,84,000 ரூபாய் செலவை ஈடுகட்ட எவ்வளவு விற்கவேண்டும்? 23 சதவீதத்தால் வகுத்தால் சுமார் 16,70,000. நாளொன்றுக்கு 4,600 ரூபாய் விற்பனை. கடை எடுக்கும் முன்பே, அந்த நடைபாதையில் தினம் அவ்வளவு விற்குமா என்று இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்திருக்கலாம். இது தோராயக் கணக்கு என்பதையும் சொல்லவேண்டும். மாஸ்டர் சம்பளம் விற்பனைக்குச் சரிசமமாகக் கூடுவதில்லை என்று மேலே பார்த்தோம். அதைத் தனியே எடுத்துவிட்டுக் கணக்கிட்டால் தேவையான விற்பனை இன்னும் குறைவாகவே வரும். ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் செய்யும் கணக்கு கொஞ்சம் கறாராக இருப்பதே பாதுகாப்பு.

கோட்டுக்குக் கீழே இருக்கும் செலவுகளில் பெரும்பாலானவை விற்பனையைப் பார்ப்பதில்லை. மழையில் கடை காலியாக இருந்தாலும் வாடகை வாடகைதான். அதனால்தான் வளரும் கடையின் நெட் மார்ஜின் முதல் ஆண்டில் சரிவதில் அதிசயம் இல்லை. செலவு முழுதாக முதல் மாதமே வந்துவிடும், விற்பனை மெல்ல மெல்ல வரும். கீழே சரிவது பல நேரம் காலத்தால் சரியாகும். மேலே, அடக்கத்தில் சரிந்தது அப்படித் தானாகச் சரியாகாது. விற்பனை பெருகப் பெருக இழப்பும் பெருகும். இரண்டையும் பிரித்துப் பார்ப்பதன் முதன்மையான பயனே இதுதான்.

கிராஸ் மார்ஜின் குறைவாக இருப்பதே கோளாறு என்றும் எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவின் காஸ்ட்கோ, உறுப்பினர் சந்தா கட்டியவர்களுக்கு மட்டும் விற்கும் பெருங்கடைகளை நடத்தும் நிறுவனம். 2023 செப்டம்பர் 3ஆம் தேதியோடு முடிந்த ஆண்டில் அது 23,771 கோடி டாலருக்குச் சரக்கு விற்றது. அந்தச் சரக்கின் அடக்கம் 21,259 கோடி. மொத்த லாபம் 2,512 கோடி, அதாவது பத்தரை சதவீதத்துக்குச் சற்று மேல். நம் காரக்கடையின் பாதிகூட இல்லை. கடைகளை நடத்தவும் நிர்வாகத்துக்கும் ஆன செலவு 2,159 கோடி. சரக்கு விற்று மிஞ்சியது சுமார் 353 கோடிதான். உறுப்பினர் சந்தாவாக வந்ததோ 458 கோடி டாலர். சந்தாவுக்குச் சரக்கு அடக்கம் எதுவும் கிடையாது என்பதால் அது ஏறக்குறைய முழுதாகக் கீழே இறங்குகிறது. வட்டி, வரி எல்லாம் போக அந்த ஆண்டு நிகர லாபம் 629 கோடி, மொத்த வருவாயில் 2.6 சதவீதம். சரக்கில் வேண்டுமென்றே குறைவாக வைத்து, அந்த மலிவுக்காகவே ஆண்டுதோறும் சந்தா கட்ட மக்களை வரவழைப்பது அவர்கள் வழி. கடைசி வரியை மட்டும் பார்த்தால் மெலிந்த மளிகை வியாபாரமாகத் தெரியும். நடுவரியையும் சேர்த்துப் பார்த்தால்தான் அது சந்தா வியாபாரம் என்பது புரியும்.

இந்திய நிறுவனங்களின் ஆண்டறிக்கையைத் திறப்பவர்களுக்கு ஒரு தடை காத்திருக்கிறது. 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை வகுத்த படிவத்தில் மொத்த லாபம் என்ற வரியே இல்லை. தொழில் வருவாய், இதர வருமானம், அதன்பின் செலவுகள்: பயன்படுத்திய மூலப்பொருள், விற்பதற்காக வாங்கிய சரக்கு, சரக்கிருப்பில் மாற்றம், பணியாளர் செலவு, நிதிச் செலவு, தேய்மானம், இதர செலவுகள். நேராக வரிக்கு முந்தைய லாபத்துக்குப் போய்விடும். கிராஸ் மார்ஜினை வாசகர்தான் கணக்கிட்டுக்கொள்ளவேண்டும். தொழில் வருவாயிலிருந்து முதல் மூன்று செலவுகளைக் கழிப்பது வழக்கம். சரக்கிருப்பில் மாற்றம் அடைப்புக்குறிக்குள் இருந்தால், கிடங்கில் சரக்கு கூடியிருக்கிறது, அந்த அளவு செலவு குறைகிறது என்று பொருள். வாங்கி விற்கும் கம்பெனிக்கு இது நன்றாகவே பொருந்தும். தொழிற்சாலை வைத்திருக்கும் கம்பெனிக்கு, ஆலைத் தொழிலாளியின் கூலியும் தலைமை அலுவலகச் சம்பளமும் ஒரே வரியில் கலந்திருக்கும். அதனால் வெளியிலிருந்து நாம் போடும் விகிதம் மூலப்பொருள் போக நிற்பதை மட்டுமே காட்டும், கூலி இன்னும் கழியவில்லை. இதர வருமானத்தையும் தனியே வைக்கவேண்டும். பழைய நிலத்தை விற்ற ஆண்டில் நிகர லாபம் எகிறும், சரக்கு வியாபாரம் அதே இடத்தில் நின்றிருக்கும்.

காரக்கடைக்குத் திரும்பினால், அதன் 3,60,000 ரூபாயிலும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கடைக்காரரும் அவர் மனைவியும் காலை ஏழு மணி முதல் இரவு வரை கடையில் நிற்கிறார்கள். இருவருக்கும் சம்பளம் எழுதப்படவில்லை. தனி உரிமையாளரின் கடையில் உரிமையாளர் எடுத்துக்கொள்வது செலவாகாது, லாபத்திலிருந்து எடுத்ததாகவே கணக்கு. அவர் வேலைக்கு மாதம் 20,000 கொடுத்து ஒருவரையும், மனைவியின் வேலைக்கு 12,000 கொடுத்து ஒருவரையும் வைக்கவேண்டி வந்தால் ஆண்டுக்கு 3,84,000 ஆகும். நிகர லாபத்தைவிட 24,000 அதிகம். இரண்டாம் ஆண்டில் அந்தக் கடை இருவருக்கும் ஒரு சுமாரான சம்பளத்தைக் கொடுத்திருக்கிறது, போட்ட முதலுக்கு எதுவும் கொடுக்கவில்லை. இதே கடை ஒரு கம்பெனியாகப் பதிவாகி இருவரும் சம்பளம் எடுத்திருந்தால் கடைசி வரி நட்டம் காட்டியிருக்கும். கடன் தவணையில் அசல் பகுதியும் இந்தத் தாளில் எங்கும் வராது, வட்டி மட்டுமே வரும். லாபம் காட்டும் ஆண்டிலேயே மாதக் கடைசியில் கை வறண்டு போவதற்கு இது ஒரு காரணம்.

மூன்றாம் ஆண்டுக்கு என்ன செய்யலாம்? பேருந்து நிலையக் கடையைத் தொடர்வதா என்பது ஒரு முடிவு. எண்ணெய் விலைக்கு ஏற்ப விலையை மாற்றுவது இன்னொன்று. கடைக்காரர் அஞ்சியது இந்த இரண்டாவதற்குத்தான். அதையும் கணக்கில் போட்டுப் பார்க்கலாம்.

விற்பனை அளவு 5 சதவீதம் கூடினால் மொத்த லாபம் 83,000 ரூபாய் அளவுக்குக் கூடும். ஏனென்றால் கூடுதல் சரக்குக்குக் கூடுதல் மாவும் எண்ணெயும் வேண்டும். அளவு அப்படியே இருந்து விலை மட்டும் 5 சதவீதம் ஏறினால், 3,60,000 ரூபாயும் அப்படியே கடைசி வரிக்கு இறங்கும். நிகர லாபம் இரட்டிப்பாகும். சில வாடிக்கையாளர்கள் விலகுவார்கள், அது நிச்சயம். எத்தனை பேர் விலகினால் விலை ஏற்றியது வீண்? முன்பு 100 ரூபாய்ச் சேவில் 23 ரூபாய் நின்றது, இப்போது 105 ரூபாய்ச் சேவில் 28 நிற்கும். 28 ரூபாய் வீதம் பழைய மொத்த லாபத்தைத் தொட, முன்பு விற்ற அளவில் 82 சதவீதம் விற்றாலே போதும். அதாவது விற்பனை அளவு 18 சதவீதம் சரியும்வரை கடைக்கு நட்டமில்லை. அடுப்படிச் சம்பளம் அதே வேகத்தில் குறையாது என்பதைச் சேர்த்துப் பார்த்தால் இந்த இடைவெளி 18 இல்லை, 14, 15 என்று சுருங்கும். கிலோ 280 ரூபாய்ச் சேவு 294 ஆவதற்காக, வழக்கமாக வருபவர்களில் ஏழில் ஒருவர் வேறு கடைக்குப் போவாரா என்பதே இப்போது கடைக்காரர் முன் உள்ள கேள்வி. கால் கிலோ பாக்கெட் 70 ரூபாயிலிருந்து 73.50. முதலில் சேவுக்கு மட்டும் விலையை மாற்றிவிட்டு, மாதக் கடைசியில் சரக்கை எண்ணி, அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் கோட்டுக்கு மேலுள்ள பாதியை எழுதிப் பார்த்தால் அவருக்கு விடை கிடைத்துவிடும்.